போகாத வேலை போன கனவு

கனவுக்குப் பலன் சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. பல் விழுந்தால் ஒரு பலன், பாம்பு துரத்தினால் ஒரு பலன், விடியற்காலையில் கண்டால் விரைவில் பலிக்கும் என்றெல்லாம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பாட்டியின் பட்டியலில் இடம் பெறாத கனவு ஒன்று உண்டு. நன்றாக நடந்து கொண்டிருக்கும் வேலையிலிருந்து நம்மை நீக்கி விட்டார்கள் என்று காணும் கனவு அது. வேலையிலே குறை இல்லை. மேலதிகாரி கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. சம்பளம் சற்றுத் தாமதித்தாலும் வந்து சேர்கிறது. இருந்தும் இரவில் ஒருவன் வந்து, "நாளை முதல் வர வேண்டாம்" என்கிறான். நெஞ்சு படபடக்க விழித்துக் கொள்கிறோம்.

நம் சங்கத்தைச் சேர்ந்த அன்பர்களிடம் பேசிப் பார்த்ததில், இக்கனவைக் கண்டவர் ஒருவர் இருவர் அல்லர் என்று தெரிந்தது. ஆய்வு உதவியாளர், பயிற்சி வேலையில் இருப்பவர், கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் எனப் பலரும் சொன்னார்கள். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டவர்களே மிகுதி. சொன்னால் கோழை என்பார்களோ என்று ஒரு கூச்சம். உள்ளபடியே ஏதோ நடக்கப் போகிறதோ என்று ஓர் அச்சம். இரண்டும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இந்தக் கனவு வரப்போவதை அறிவிக்கும் ஓலை அன்று. நம் தகுதியைப் பற்றிய தீர்ப்பும் அன்று. நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்கு யாரும் சொல்லாத இடத்தில் முளைக்கும் பயிர் அது. ஆதலால் அதற்கு மருந்தும் அந்த இடத்திலேதான் கிடைக்கும்.

முதலில் விடியற்காலைக் கனவைப் பற்றி ஒரு சொல். 1953ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் ஓர் உண்மையை வெளியிட்டனர். உறங்குபவனுடைய விழிகள் மூடிய இமைக்குள்ளே விரைந்து அசையும் வேளைகள் சில உண்டு. அந்த வேளையில் எழுப்பினால் அவன் பெரும்பாலும் ஒரு கனவைச் சொல்கிறான் என்பதே அது. இந்த வேளை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகிறது. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். ஆகவே விடியற்காலையில் காணும் கனவு நீளமாக இருப்பதும், அதன் நடுவே விழித்து அதை நினைவில் வைத்துக் கொள்வதும் இயல்பே. பாட்டி அதற்குத் தனிச் சிறப்புத் தந்ததில் வியப்பில்லை. பலிக்கும் என்றதைத்தான் நாம் ஏற்க வேண்டியதில்லை.

அந்த வேளையில் மூளையில் அச்சமும் ஆவலும் எழும் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. சீர்தூக்கிப் பார்க்கும் முன்புறப் பகுதிகள் சிலவற்றின் வேலையோ குறைந்திருக்கிறது. வேலைநீக்கக் கனவு ஏன் அவ்வளவு மெய்யாகத் தோன்றுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு, அரசுப் பணியாளர் ஒருவரைப் பதவி நீக்கம் செய்யுமுன் குற்றச்சாட்டை அவருக்குத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தம் பக்கத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகளையும் கூறுகிறது. கனவிலோ குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. "ஏன்?" என்று கேட்கவும் நமக்குத் தோன்றுவதில்லை. கேட்க வேண்டிய அறிவு அப்போது அரைத்தூக்கத்தில் கிடக்கிறது.

சரி, அச்சம் எழுகிறது என்று வைத்துக் கொள்வோம். கெட்டுப் போன வேலையைப் பற்றி எழாமல், நன்றாக நடக்கும் வேலையைப் பற்றி ஏன் எழ வேண்டும்?

இதற்கு மூத்த உறவான கனவு ஒன்று உண்டு. அதுதான் தேர்வுக் கனவு. பட்டம் பெற்றுப் பல்லாண்டு ஆனவர்களும், தேர்வில் தோற்றதாகவோ தேர்வு மண்டபத்துக்குத் தாமதமாகச் சென்றதாகவோ கனாக் காண்கிறார்கள். வியன்னா நகரத்து மருத்துவர் ஃபிராய்டு கனவுகளைப் பற்றி எழுதிய பெருநூலில் இதை எடுத்துப் பேசுகிறார். தாம் சட்ட மருத்துவத் தேர்வில் உண்மையாகவே தோற்றவர் என்றும், ஆனால் அது ஒருநாளும் தம் கனவில் வந்து தொல்லை தந்ததில்லை என்றும் சொல்கிறார். கனவில் வந்தவை தாவரவியலும், விலங்கியலும், வேதியியலும். அவை அவர் அஞ்சி அஞ்சி எழுதி, எப்படியோ தேறிவிட்ட பாடங்கள்! ஃபிராய்டின் கொள்கைகளில் பலவற்றை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் தம்மைப் பற்றி அவர் சொன்ன இந்தச் செய்தி சிந்திக்கத்தக்கது. தோற்ற பாடத்தில் இழக்க எதுவுமில்லை. கணக்கு முடிந்து விட்டது. தேறிய பாடத்திலோ, "இது எனக்கு உரியதுதானா, தவறிக் கிடைத்ததா?" என்னும் கேள்வி முடியாமல் நிற்கிறது. கையில் இருப்பதைப் பற்றித்தான் பறிபோகும் கனவு வரும்.

2014ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பாரிஸ் நகரில் மருத்துவப் படிப்புக்கான போட்டித் தேர்வு எழுதிய மாணவர்களிடம் அவர்கள் வினவினார்கள். 719 பேர் விடை அளித்தனர். தேர்வுக்கு முந்திய இரவில் தேர்வைப் பற்றிக் கனவு கண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர். அக்கனவுகளில் முக்கால் பங்குக்கு மேல் கெட்ட கனவுகளே: தாமதமாகப் போவது, விடை மறந்து போவது போன்றவை. முடிவு என்ன? கனவு கண்டவர்கள் காணாதவர்களை விடச் சற்றுக் கூடுதலாகவே மதிப்பெண் பெற்றிருந்தனர். கனவுதான் மதிப்பெண்ணைத் தந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாடத்தில் மிகவும் ஈடுபட்டவனுக்குக் கனவும் வந்திருக்கலாம், மதிப்பெண்ணும் வந்திருக்கலாம். ஆயினும் ஒன்று துணிந்து சொல்லலாம்: கனவில் தோற்றவன் பகலில் தோற்பான் என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை.

இனி, என் கனவையே எடுத்து அலசிப் பார்க்கிறேன். பிறர் கனவைப் பிரித்துப் பார்ப்பதைவிட அது நாகரிகம் அல்லவா?

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வட இந்தியாவுக்கு வந்து, கிணற்று நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஒரு திட்டத்தில் உதவியாளனாக இருக்கிறேன். ஊர் ஊராகச் சென்று நீர் எடுத்து வந்து, மின்முனையை வைத்து அளந்து, ஏட்டில் பதிய வேண்டும். முதலாண்டில் 240 மாதிரிகளை முடிக்க வேண்டும் என்பது திட்டம். ஒன்பதாம் மாதத்திலேயே 200 முடிந்து விட்டன. ஒரே நீரை இரண்டு முறை அளந்தால் அளவுகள் ஒத்து வந்தன. வேலை நன்றாக நடந்தது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? அந்த மாதத்தில்தான் கனவு வரத் தொடங்கியது.

கனவில் ஒரு நீண்ட தாழ்வாரம். அதன் கடைசியில் அலுவலக அறை. எழுத்தர் ஒரு தாளை நீட்டுகிறார். சுற்றி நிற்பவர்கள் விரைவான இந்தியில் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் பேராசிரியர் அங்கேயே நிற்கிறார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. நான் விடுதிக்கு ஓடுகிறேன். என் அறைப் பூட்டில் என் சாவி நுழைய மறுக்கிறது. இவ்வளவுதான். இதே கனவு சிறு சிறு மாற்றங்களுடன் ஒரே மாதத்தில் நான்கு முறை வந்தது.

நான்காம் முறை, விழித்த உடனே அதை எழுதி வைத்தேன். மறுநாள் பகலில், அதனிடம் நான்கு கேள்விகள் கேட்டேன். நீக்கியவர் யார்? காரணம் என்ன? யார் பார்த்துக் கொண்டிருந்தார்கள்? முதலில் நான் இழந்தது எது?

விடைகள் எனக்கே வியப்பைத் தந்தன. நீக்கியவர் என் வேலையை அறிந்தவரே அல்லர், ஓர் எழுத்தர். காரணம் சொல்லப்படவே இல்லை. வேலையில் குறை என்பது என் அச்சமாக இருந்திருந்தால், கனவில் உடைந்த குப்பியோ, தவறிப் போன கணக்கோ வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. முதலில் இழந்தது ஆய்வுக்கூடத்தை அன்று, அறைச் சாவியை. இந்த ஊரில் என் விடுதி அறை என் பணி அட்டையோடு ஒட்டியது. அட்டை போனால் அறையும் போகும். ஊருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணமும் போகும். ஆக, நான் அஞ்சியது திறமையைப் பற்றி அன்று, இருப்பிடத்தைப் பற்றி.

அந்த இந்திப் பேச்சுக்கு என்ன பொருள்? இதுதான் நம்மைப் போன்ற வெளியூர் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் என்று கருதுகிறேன். ஓர் அலுவலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ, "நீ நன்றாகச் செய்கிறாய்" என்பதை ஓலையில் எழுதி யாரும் தருவதில்லை. அது தேநீர்க் கடையில், படிக்கட்டில், கேலிப் பேச்சின் இடையில் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டுக்கு நிதி வருமா, யாரை வைத்துக் கொள்வார்கள் என்பதும் அங்கேதான் கசிகிறது. அந்தப் பேச்சின் மொழி நமக்குப் பாதிதான் விளங்குகிறது. ஆகவே நமக்கு வந்து சேர்வது ஆங்கிலத்தில் வரும் கட்டளைகள் மட்டுமே: இதைச் செய், அதை அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள் முடி. கட்டளை மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு, கட்டளை இல்லாத நாளின் மௌனம் கோபமாகத் தோன்றும். பகலில் விளங்காமல் விட்ட இடங்களை இரவு தன் போக்கில் நிரப்பிக் கொள்கிறது.

இந்த அச்சத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒரு பாதி உள்ளே இருப்பது. 1978ஆம் ஆண்டில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தேர்ந்த பெண்மணிகளைக் கண்டு பழகிய அனுபவத்தைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினர். அப்பெண்மணிகள் தங்கள் வெற்றியை நல்லூழ் என்றோ, தேர்ந்தெடுத்தவர்களின் தவறு என்றோ, கடும் உழைப்பு மட்டுமே என்றோ தள்ளி விட்டனர். என்றேனும் ஒருநாள் குட்டு வெளிப்படும் என்று அஞ்சினர். ஆண்களிடமும் இது உண்டு என்று பின்னர் தெரிந்தது. இப்படிப்பட்டவருக்குப் பாராட்டினால் பயனில்லை. பாராட்டியவரும் ஏமாந்து விட்டார் என்றே அவர் எண்ணுவார்.

மற்றொரு பாதி வெளியே, நம் பணி நியமனக் கடிதத்தில் இருப்பது. என் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பணி முற்றிலும் தற்காலிகமானது. ஓராண்டுக்கு, அல்லது திட்டம் முடியும் வரை, எது முந்தியோ அதுவரை. தொடர்வது பணியின் தரத்தையும் நிதி வரவையும் பொறுத்தது. இரு தரப்பும் ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம். இதைப் படித்த பின், "எல்லாம் உன் மனப் பிரமை, துணிவாக இரு" என்று சொல்லும் நண்பரை நான் எப்படி ஏற்பேன்? அச்சத்துக்கு ஒரு பிடிமானம் அக்கடிதத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிடிமானத்துக்கும் என் தகுதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. நிதி வராவிட்டால் மிகச் சிறந்தவனும் போக வேண்டியதுதான். கனவு செய்யும் சூழ்ச்சி இதுவே: நிதியைப் பற்றிய ஐயத்தை எடுத்து, அதற்கு நம் தகுதியைப் பற்றிய ஐயத்தின் சட்டையை மாட்டி விடுகிறது. இரண்டையும் பிரித்து வைப்பதே முதல் வேலை.

பிரிப்பது எப்படி? "நான் நன்றாகச் செய்கிறேனா, ஐயா?" என்று கேட்பதால் பயனில்லை. "நன்றாகத்தான் செய்கிறாய்" என்று விடை வரும். அந்த ஆறுதல் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மறுபடியும் கேட்கத் தோன்றும். விடையாக ஒரு தேதியோ, ஒரு தாளோ, ஓர் எண்ணோ வரும்படியான கேள்விகளைக் கேட்க வேண்டும். நான் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துக் கொண்டு என் பேராசிரியரிடம் போனேன்.

முதலாவது, சென்ற தவணைக்கான நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்விட்டதா என்பது. திட்டங்களுக்கு நிதி தவணை தவணையாக வரும்; வந்ததைச் செலவிட்ட கணக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். "சான்றிதழ் போன மாதமே போய்விட்டது, பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், சம்பளம் தாமதமாகலாம், நிற்காது" என்றார். இரண்டாவது, என் பணியை நீட்டிப்பதை யார், எப்போது முடிவு செய்வார்கள் என்பது. "ஆண்டறிக்கையோடு நான்தான் பரிந்துரை எழுத வேண்டும், ஜனவரியில்" என்றார். மூன்றாவது, அதற்குள் நான் எதை முடித்திருக்க வேண்டும் என்பது. "மீதியுள்ள 40 மாதிரிகளை முடி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு வந்த கிணறுகளை மறுபடி ஒருமுறை அளந்து பட்டியல் கொடு" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதெல்லாம் ஏன் கேட்கிறாய்? உன் வேலையில் குறை இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே!" என்றார்.

அவருடைய மௌனம் அத்தனை நாளும் நற்சான்றாக இருந்திருக்கிறது. அதை அவர் அறிவார்; நான் அறிய வழி இருந்ததில்லை.

இதன் பிறகு கனவு அடியோடு நின்று விட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் அது மெய்யன்று. பின்னும் இருமுறை வந்தது. வந்தபோதும் காலையில் அது என்னோடு ஆய்வுக்கூடம் வரை வரவில்லை. நிதி எப்போது வரும், ஜனவரியில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கனவுக்குச் சொல்ல அதற்கு மேல் புதுச் செய்தி இல்லை.

ஒரு வேளை ஆபத்து உண்மையாகவே இருந்தால்? அதுவும் நடக்கக் கூடியதே. ஆனால் உண்மையான ஆபத்துக்குப் பகல் அடையாளங்கள் உண்டு. நம் கையிலிருந்த வேலையைச் சொல்லாமல் பிறரிடம் மாற்றுவார்கள். வழக்கமாக அழைக்கும் கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள். வாயால் சொல்லி வந்த குறைகள் கடிதத்தில் ஏறத் தொடங்கும். நிதியைப் பற்றிக் கேட்டால் விடை மழுப்பலாக வரும். அஞ்சுகிறவர் ஒரு தாளை எடுத்து, சென்ற ஒரு மாதத்தில் இப்படி எது நடந்தது, எந்த நாளில், யாரால் என்று எழுதிப் பார்க்கட்டும். தாள் நிரம்பினால், கனவு வந்தாலும் வராவிட்டாலும் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டியதுதான். தாள் வெறுமையாக இருந்தால், அச்சத்துக்கு அன்றைய பகலில் சான்று இல்லை என்று அறிந்து வேலையைப் பார்க்கலாம்.

கனவு வாரத்தில் பலமுறை வந்து, படுக்கைக்குப் போகவே அச்சமாகி, பகலில் சோர்வு மிஞ்சினால், பல்கலைக்கழக மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு இப்போது ஓர் எளிய பயிற்சி சொல்லித் தருகிறார்கள். பகலில் அமர்ந்து அக்கனவை எழுதி, அதன் போக்கை நாம் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலருக்கு இதனால் கனவின் தொல்லை குறைகிறது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு கருத்து. புது ஆண்டில் வரும் தம்பி தங்கையருக்கு நாம் வரவேற்பு விழா நடத்துகிறோம், பொங்கலுக்குக் கூடிச் சோறு உண்கிறோம், மிக நன்று. அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு மாலை, வேலையிலோ ஆய்விலோ சேர்ந்த புதியவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தைக் கொண்டு வரட்டும். இங்கே சில ஆண்டு கழித்த அண்ணன்மாரும் அக்காமாரும் பக்கத்தில் அமர்ந்து அதை வரி வரியாகப் படித்து, எது வழக்கமான சொல், எது கவனிக்க வேண்டிய சொல், நீட்டிப்பு எப்போது, யாரிடம் கேட்பது என்று தமிழில் சொல்லட்டும். தேநீர்க் கடையின் பேச்சு விளங்காத பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி நம்மிடமிருந்தாவது கிடைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு மாலைப் பொழுதும், நாலு கோப்பைத் தேநீரும் மட்டுமே.